பெட்டிக்குள் துகள்: தொகையிடாமல் விளக்க வழி உண்டா?

குடியாத்தத்திலிருந்து வணக்கம். இளநிலை இயற்பியல் மாணவர்கள் சிலருக்கு மாலையில் பாடம் சொல்லித் தருகிறேன்.

L நீளப் பெட்டியின் இரு சுவர்களிலும் அலைச்சார்பு சுழியாக வேண்டும் என்ற நிபந்தனையிலிருந்து ஐகன் சார்புகளைப் பெற்று, மொத்த நிகழ்தகவு 1 ஆகும்படி இயல்பாக்கினோம்:

ψₙ = √(2/L) sin(nπx/L)

துகள் 0 முதல் L/4 வரையிலான பகுதியில் இருக்கும் நிகழ்தகவு:

P = 1/4 − sin(nπ/2)/(2nπ)

n = 1 என்றால் 0.091, 2 என்றால் 0.25, 3 என்றால் 0.303. n வளர வளர 1/4-ஐ நெருங்கும் என்று முன்பே சொல்லியிருந்தேன். "அப்படியானால் மூன்றில் ஏன் தாண்டுகிறது, சார்?" என்று கேட்டாள் ஒரு மாணவி. அருமையான கேள்வி!

படம் வரைந்தேன். n = 3-இல் |ψ|² மூன்று சம மேடுகள்; ஒவ்வொன்றிலும் 1/3. L/4 என்பது முதல் மேட்டின் முக்கால் தூரம். உச்சியைக் கடந்தாயிற்று, எஞ்சியது மெலிந்த ஓரம்தான். n = 5-இல் ஒன்றேகால் மேடு; அந்தக் கால் மேடு மெலிந்த ஓரம் என்பதால் 0.218-ஆகக் குறைகிறது. இந்த ஏற்ற இறக்கம் சுருங்கிக்கொண்டே போகிறது.

இதுவரை அவளுக்குப் புரிந்தது. ஆனால் ஒரு மேட்டின் முதல் கால்பகுதியில் 9.1% மட்டுமே அடங்கும் என்பதைத் தொகையிடாமல், வரைபடத்தாலேயே காட்ட முடியுமா? வகுப்பில் இதைச் செய்து பார்த்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். வியாழக்கிழமை அவளுக்கு விடை சொல்ல வேண்டும்.