குளிர்பெட்டியில் வைத்த மாவும் புளித்தது: கத்திரி வெயிலில் ஈஸ்ட் மாவு பிசைந்தவர்களின் அனுபவங்கள்

ஈரோட்டிலிருந்து

அரைக் கிலோ மைதா, 310 கிராம் தண்ணீர், 9 கிராம் உப்பு, 5 கிராம் இன்ஸ்டன்ட் ஈஸ்ட் என்ற வழக்கமான அளவில் பன்னுக்கு மாவு பிசைந்து, காலையில் சுட்டுக்கொள்ளலாம் என்று மூடி போட்ட எவர்சில்வர் போசியில் வைத்து இரவு ஒன்பது மணிக்குக் குளிர்பெட்டிக்குள் தள்ளினேன். பதினொரு மணிக்குத் தண்ணீர் எடுக்கத் திறந்தபோது போசியின் மூடி ஒரு பக்கமாக எழும்பியிருந்தது. மாவின் மேல்பகுதி சில்லென்று இறுகியிருந்தது. ஆனால் விரலை உள்ளே விட்டதும் நடுப்பகுதி இன்னும் வெதுவெதுப்பாகவே இருந்தது. காலையில் மாவு நடுவில் குழிந்து, கள்ளைப் போல ஒரு வாடை அடித்தது. சுட்ட பன்கள் வெளிறி, தோல் சுருங்கிப்போயின. குளிர்பெட்டிக்குள் இருந்த மாவு எப்படி அளவு கடந்து பொங்கியது என்பதுதான் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

கோபிசெட்டிபாளையத்திலிருந்து

ஈஸ்டைக் கொட்டிவிட்டீர்கள், சகோதரி. சித்திரையில் அரைக் கிலோவுக்கு 2 கிராமே தாராளம். எங்கள் சமையலறையில் ஒருபுறம் சோறு கொதிக்க, மறுபுறம் மாவு பிசைந்த ஒரு மாலையில், முக்கால் மணி நேரத்தில் மாவு பாத்திரத்தை விட்டு வழிந்து மேடையில் ஒழுகியதைப் பார்த்தேன். அந்த ஆவியின் ஈரப்பதம்தான் ஈஸ்டைக் கிளப்பிவிடுகிறது என்பது என் முடிவு. ஈஸ்டைப் பாதியாக்குங்கள், உப்பை 15 கிராமாக ஏற்றுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள், மாவின் மேல் ஈரத்துணி போடுங்கள். பால் சேர்ப்பதாக இருந்தால் காய்ச்சி முழுதும் ஆறவிட்டுச் சேருங்கள். வெல்லம் சேர்ப்பவர்கள் அதையும் குறைத்துக்கொள்வது நல்லது.

திருப்பூரிலிருந்து (பேக்கரியில் மாவு மேசையில் நிற்பவன்)

ஈஸ்டைக் குறைக்கச் சொன்னதை நான் ஏற்கிறேன். ஆனால் ஈரப்பதத்தின் மேல் பழி போட்டதை ஏற்க முடியாது. காற்றிலுள்ள ஈரம் மாவின் மேல் தோல் காய்ந்து ஆடை கட்டாமல் பார்த்துக்கொள்ளும், மைதாவைச் சற்றே நமுக்கச் செய்து தண்ணீர் தேவையைக் கொஞ்சம் குறைக்கும். ஈஸ்டை விரட்டுவது சூடு. கோபிக்காரர் வீட்டில் மாவை வழியவிட்டது சோற்றுப் பானையின் ஆவியில் இருந்த ஈரமன்று, அது சமையலறையில் ஏற்றிய வெப்பம். உப்பை 15 கிராமாக்கினால் மாவு மெதுவாகப் பொங்கும் என்பது உண்மைதான், ஆனால் அந்தப் பன்னை யாரும் தின்ன மாட்டார்கள்.

ஈரோட்டுச் சகோதரியின் மாவு குளிர்பெட்டிக்குள் போகும்போதே சூடாக இருந்திருக்கிறது. அலமாரியில் இருந்த மைதாவே 34 டிகிரி இருக்கும், மாடித் தொட்டித் தண்ணீர் மே மாதத்தில் 38 டிகிரி வரை வரும், கையும் சூடு. எல்லாம் சேர்ந்து பிசைந்து முடித்த மாவு 35 டிகிரிக்குக் குறையாது. 26 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் எடுக்கும் பொங்கல் அந்தச் சூட்டில் ஏறத்தாழ பாதி நேரத்தில் முடிந்துவிடும். எண்ணூறு கிராம் மாவு உருண்டையாகப் போசியில் கிடந்தால், மேல்புறம் விரைவில் குளிர்ந்தாலும் நடுப்பகுதி குளிரப் பல மணி நேரம் ஆகும். அந்த நேரம் முழுதும் நடுவிலுள்ள ஈஸ்ட் தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். நீங்கள் பதினொரு மணிக்கு விரலில் உணர்ந்த வெதுவெதுப்பு அதுதான். பன் வெளிறியதற்கும் அதுவே காரணம்: மேல்தோலைச் சிவக்க வைக்க வேண்டிய சர்க்கரையை இரவிலேயே ஈஸ்ட் தின்றுவிட்டது.

ஆகவே, மாவு பிசைந்து முடியும்போது என்ன சூட்டில் இருக்க வேண்டும் என்பதை முதலில் தீர்மானியுங்கள். நான் 26 டிகிரி என்று வைத்துக்கொள்கிறேன். அதை மூன்றால் பெருக்கினால் 78 வரும். அதிலிருந்து அறையின் சூடு 35, மைதாவின் சூடு 34, கையால் பிசையும்போது ஏறும் சூட்டுக்கு 2 ஆகியவற்றைக் கழித்தால் மீதி 7. அதாவது 7 டிகிரித் தண்ணீர் வேண்டும். குளிர்பெட்டியில் வைத்த தண்ணீரே போதும். அது இல்லையென்றால், 310 கிராமில் ஏறத்தாழ 80 கிராமை உடைத்த ஐஸ்கட்டியாகவும் மீதி 230 கிராமைத் தொட்டித் தண்ணீராகவும் எடுத்தால் அதே இடத்துக்கு வரும். ஐஸ் தண்ணீரின் எடைக்குள் அடங்க வேண்டும், கூடுதலாக விழக்கூடாது. எங்கள் கடை மிக்சர் உராய்வில் மட்டுமே 12 டிகிரி ஏற்றிவிடும். அங்கே கணக்கு பூஜ்யத்துக்குக் கீழே போவதால், ஐஸ் இல்லாமல் வேலை நடக்காது. வீட்டில் மெஷினில் பிசைபவர்களும் இதைக் கவனிக்க வேண்டும்.

பிசைந்த மாவை உருண்டையாக வைக்காமல், அகலமான தட்டில் இரண்டு விரல் தடிமனுக்குத் தட்டி, எண்ணெய் தடவி, காற்றுப் புகாமல் மூடிக் குளிர்பெட்டியில் வையுங்கள். மெல்லிய மாவு விரைவில் குளிரும்.

கரூரிலிருந்து

என் வீட்டில் இட்லி மாவுக்கும் இதே கதைதான். கோடையில் கிரைண்டர் வெந்நீர் போல மாவைச் சூடாக்கிவிடும் என்பதால் ஐஸ் தண்ணீர் விட்டுத்தான் அரைக்கிறேன். ஒரே பெரிய குண்டாவில் வைத்த மாவு பொங்கி அலமாரி முழுதும் வழிந்த காலையை மறக்கவே முடியாது. இப்போது சின்னச் சின்ன டப்பாக்களில் பிரித்துக் குளிர்பெட்டியில் வைக்கிறேன். பன் மாவைப் பற்றி எனக்குத் தெரியாது.

பொள்ளாச்சியிலிருந்து

கோபிக்காரர் சொன்ன ஈரத்துணி கரூர் வெயிலில் பயன்படலாம். அங்கே காற்று காய்ந்திருப்பதால் துணி உலரும்போது மாவு குளிரும். எங்கள் ஊரில் ஆனியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றோடு சாரலும் வந்துவிட்டால் துணி நாள் முழுதும் ஈரமாகவே கிடக்கும், எதுவும் குளிராது.

என்னை உறுத்துவது இரண்டாவது பொங்கல். உருட்டி வைத்த பன்களைத் தொட்டபோது பள்ளம் மெதுவாகப் பாதியளவு நிமிர்ந்தது. சரியான பதம் என்று நினைத்து அப்போதுதான் ஓவனைப் போட்டேன். அது சூடேறக் கால் மணி நேரத்துக்கு மேல் ஆனது. பக்கத்து மேடையில் இருந்த தட்டும் அதே சூட்டை வாங்கியது. திரும்ப விரல் வைத்தேன். பள்ளம் நிமிரவே இல்லை. உள்ளே வைத்ததும் பன்கள் உட்கார்ந்துவிட்டன. இப்போது ஓவனை முன்கூட்டியே போட்டு, பன் தட்டை வேறு அறையில் வைக்கிறேன். அளவு இரண்டு மடங்காகும் வரை காத்திருப்பதையும் விட்டுவிட்டேன். ஒன்றரை மடங்கு ஆனதும் உள்ளே போய்விடும்.

திருப்பூர் நண்பருக்கு ஒரு கேள்வி. மாவில் ஒரு துண்டைக் கிள்ளி நேரான கண்ணாடி டம்ளரில் போட்டு, ரப்பர் பேண்ட் அடையாளம் வைத்துப் பொங்கலை அளப்பதைப் பலர் சொல்கிறார்கள். அது நம்பத்தக்கதா?

திருப்பூரிலிருந்து

மேடையில் வைத்தால் ஓரளவு உதவும். குளிர்பெட்டியில் அது பொய் சொல்லும், ஏனென்றால் சின்னத் துண்டு சட்டென்று குளிர்ந்து நின்றுவிடும், பெரிய மாவு பொங்கிக்கொண்டே இருக்கும்.

தாராபுரத்திலிருந்து

நான் ஏற்கவில்லை. டம்ளரைப் போசியின் நடுவில் மாவுக்குள் புதைத்துக் குளிர்பெட்டியில் வைக்கிறேன். அடையாளமும் பெரிய மாவும் இதுவரை ஒன்றாகவே ஏறியிருக்கின்றன. ஆனால் என் மாவு எப்போதும் ஐஸ் தண்ணீரில் பிசைந்தது. ஈரோட்டுச் சகோதரியின் 35 டிகிரி மாவில் இது எப்படி நடக்கும் என்று யாராவது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துச் சொன்னால் நன்றாக இருக்கும்.

ஈரோட்டிலிருந்து

குளிர்ந்த தண்ணீரிலும் 2 கிராம் ஈஸ்டிலும் பிசைந்து, தட்டையாகத் தட்டி வைத்தேன். காலையில் விரல் வைத்த இடமெல்லாம் ஒரே குளிர்ச்சி, வாடையும் இல்லை. பன் சிவந்தது. ஆனால் உருட்டிய பிறகு சமையலறை மேடையில் இருபதே நிமிடத்தில் ஏறிவிட்டது. அந்தத் தட்டை எங்கே வைப்பது என்பதுதான் இப்போது என் தேடல். எங்கள் வீட்டில் சமையலறையை விடக் குளிர்ச்சியான அறை இல்லை.