கவிதையின் ஓரத்தில் என்ன எழுதுகிறீர்கள்?

கொட்டகலை மாணவி

கம்பஸில் முதலாம் வருடம் படிக்கிறேன். குறுந்தொகை 3ஆம் பாட்டைப் போட்டோகொப்பியில் தந்து, உரை பார்க்காமல் வாசித்து ஓரக்குறிப்பு எழுதி வரச் சொன்னார்கள்.

நிலத்தினும் பெரிதே வானினும் உயர்ந்தன்று
நீரினும் ஆரள வின்றே சாரல்
கருங்கோற் குறிஞ்சிப் பூக்கொண்டு
பெருந்தேன் இழைக்கும் நாடனொடு நட்பே

நான் மூன்று நிற ஹைலைட்டரால் நான்கு வரியையும் நிரப்பினேன். ஓரத்தில் 'உவமை', 'இயற்கை வருணனை', 'அழகு' என்று எழுதினேன். தாள் திரும்பி வந்தபோது அடியில் ஒரு கேள்வி இருந்தது: பாட்டை மறைத்துவிட்டுக் குறிப்பை மட்டும் படித்தால் இது எந்தப் பாட்டு என்று தெரியுமா? மறைத்துப் பார்த்தேன், தெரியவில்லை. நீங்கள் எப்படிச் செய்தீர்கள்?

பண்டாரவளை ஆசிரியை

தங்கச்சி, ஹைலைட்டரை முதலில் ஒதுக்கி வையுங்கள். நான் பாட்டைக் கையால் எழுதிக்கொள்வேன். வரிகளுக்கிடையில் இரண்டு வரி இடம், இரு பக்கமும் மூன்று விரல் அகலம். முதல் தடவை பென்சிலைத் தொடாமல் வாய்விட்டு வாசிப்பேன். இரண்டாம் தடவை, பாட்டில் கண்ணுக்குத் தெரிவதை மட்டும் இடது ஓரத்தில் எழுதுவேன். வலது ஓரம் கேள்விகளுக்கு மட்டும். விளக்கம் இப்போதைக்கு எங்கேயும் இல்லை.

இந்தப் பாட்டில் இடது ஓரத்தில் என்ன வரும்? 'இனும்' மூன்று தடவை. எது பெரிது என்பது கடைசிச் சொல்லில்தான் தெரிகிறது, அதனால் 'நட்பே'யிலிருந்து 'பெரிதே'க்கு ஓர் அம்புக்குறி. நிலம், வானம், நீர் என்று அகன்ற பாட்டு திடீரென ஒரு கரிய காம்புக்கும் பூவுக்கும் சுருங்குகிறது. அந்த இடத்தில் ஒரு கோடு. அப்புறம் 'பெரிதே' முதல் வரியில், 'பெருந்தேன்' கடைசி வரியில். இரண்டையும் வட்டமிடுங்கள்.

வலது ஓரத்தில் நான் எழுதிய கேள்வி: தேனை இழைப்பது யார்? பாட்டில் வண்டு என்ற சொல்லே இல்லை. உரைதான் அதைக் கொண்டுவருகிறது. உரையை முதலில் திறந்திருந்தால் அந்த இல்லாமை என் கண்ணில் பட்டிருக்காது.

ஹட்டன்காரன்

மிஸ், இடது வலது எல்லாம் பிறகு. சொற்பொருள் தெரியாமல் என்னத்தைக் கவனிப்பது? நான் எல்லாச் சொல்லுக்கும் மேலே பேனையால் பொருள் எழுதிவிட்டுத்தான் தொடங்குவேன். 'உயர்ந்தன்று' என்றால் உயர்ந்ததல்ல. அப்போ நட்பு வானைவிட உயரமில்லை, அடக்கமானது என்று வருகிறது.

பண்டாரவளை ஆசிரியை

தம்பி, சொல் தெரியாமல் நகரக்கூடாது என்பது சரி. ஆனால் இந்தச் சொல் பலரையும் வழுக்கிவிடும். இங்கே 'அன்று' மறுப்பு இல்லை. 'அன்' சாரியை, 'று' ஒன்றன்பால் விகுதி. உயர்ந்தது என்றுதான் பொருள். 'ஆரளவின்று' என்பதும் அளப்பதற்கு அரியது என்பதே. இலக்கணம் தெரியாவிட்டாலும் சந்தேகம் வர வழி இருக்கிறது: முன்னே 'பெரிதே' என்று ஒப்புக்கொண்டவள் அடுத்த மூச்சில் ஏன் மறுக்க வேண்டும்? அதனால் சொல்லை வட்டமிட்டு, வலது ஓரத்தில் பென்சிலால் 'உயர்ந்ததா, உயராததா?' என்று எழுதுங்கள். நீங்கள் பேனையால் எழுதிய ஒரு பொருள், கீழே உள்ள எல்லாக் குறிப்பையும் அடக்கத்தின் பக்கம் இழுத்துப் போய்விட்டது.

நுவரெலியா அம்மா

மகள் உயர்தரம் எழுதப் போகிறாள். வினாத்தாள் ஓரத்தில் இப்படி எழுதினால் புள்ளி குறைப்பார்களா?

ஹட்டன்காரன்

அக்கா, இது பரீட்சைக்கு இல்லை, வீட்டில் முதல்முறை வாசிக்கும்போது செய்வது. பரீட்சை விதியைப் பாடசாலையில் கேளுங்கள்.

மிஸ், 'உயர்ந்தன்று' விஷயத்தில் நான்தான் பிழை. அழித்து எழுத முடியாததால் முழுப் பாட்டையும் புதிதாக எழுதினேன்.

தலவாக்கலை வாசகர்

குறிஞ்சி என்றதும் எனக்கு ஹோர்ட்டன் சமவெளியில் பார்த்த நெலுப் பூ ஞாபகம் வந்தது. பல வருடத்துக்கு ஒருமுறை பாதையோரமெல்லாம் ஊதாவாகப் பூக்கும். அது நீலகிரிக் குறிஞ்சியின் உறவுச் செடி. கொத்தாக வளர்ந்து நிற்பதைப் பார்த்ததால், 'பெருந்தேன்' ஒரு பூவின் தேன் இல்லை, மலை முழுக்கப் பூத்ததைச் சேர்த்த தேன் என்று எனக்குப் பட்டது. இதை எந்த ஓரத்தில் எழுதுவது?

பண்டாரவளை ஆசிரியை

நான் தாளின் பின்பக்கத்தில் எழுதச் சொல்வேன். நீங்கள் பார்த்தது உண்மை, ஆனால் அது இந்த நான்கு வரிக்குள் இல்லை. வலது ஓரத்தில் ஒரு கேள்வியாக மட்டும் வைக்கலாம்: எத்தனை பூவின் தேன்?

தலவாக்கலை வாசகர்

அதில் எனக்கு உடன்பாடில்லை. மலையில் பிறந்தவன் வாசிக்கும்போது அந்தக் காட்சியும் வாசிப்புதானே.

கொட்டகலை மாணவி

நேற்றிரவு திரும்பச் செய்தேன். இடதில் ஆறு குறிப்பு, வலதில் நான்கு கேள்வி. மறைத்துப் பார்த்தேன், 'இனும்', 'கருங்கோல்', 'பெருந்தேன்' இருப்பதால் வேறு பாட்டுக்கு இது பொருந்தாது. பிறகு உரையைத் திறந்தேன். தலைவி கூற்று என்று இருக்கிறது. ஆனால் நான்கு வரியில் பேசுவது பெண் என்று ஒரு சொல்லும் சொல்லவில்லையே. மிஸ், நீங்களும் 'ஒப்புக்கொண்டவள்' என்றுதான் எழுதினீர்கள். அந்தக் கூற்றை முதலே அறிந்து வாசிப்பதா, கடைசியில் பார்ப்பதா?

பண்டாரவளை ஆசிரியை

நன்றாகப் பிடித்தீர்கள், அது எனக்கு உரை தந்த பழக்கம். நான் கடைசியில் பார்க்கச் சொல்வேன். என்னோடு படித்தவர்களில் பாதிப்பேர் முதலில்தான் பார்ப்பார்கள், கூற்று தெரியாமல் அகப்பாட்டே இல்லை என்பார்கள். வலது ஓரத்தில் ஐந்தாவது கேள்வியாக அதை எழுதி வையுங்கள்.