16 மீட்டரில் எடுக்கும் வைஃபை 8 மீட்டரில் ஏன் திணறுகிறது?

தாம்பரத்தான்:
ரவுட்டர் ஹாலில் இருக்கிறது. வாசல் கேட் அங்கிருந்து 16 மீட்டர். கதவு திறந்திருந்தால் அங்கே 5 கிகாஹெர்ட்ஸில் போன் -51 dBm காட்டுகிறது, எல்லாம் பிரமாதமாக ஓடுகிறது. பின்னறை 8 மீட்டர்தான், ஆனால் -75. வீடியோ கால் விக்கி விக்கி வருகிறது. 2.4-க்கு மாற்றினால் அதே அறையில் -58. நடுவில் இரண்டு சுவர். தூரம் பாதிதானே, அப்புறம் ஏன்? அதிக பவர் ரவுட்டர் வாங்கினால் சரியாகுமா?

வயர்மேன்:
தாராளமாக வாங்குங்கள் தம்பி. 5 கிகாஹெர்ட்ஸ் அலை பொடிசு, காற்றிலேயே கரைந்துவிடும். 2.4 கொஞ்சம் பெரிய அலை, சுவரைத் தாண்டிப் போகும். கல்யாண மண்டபங்களுக்கெல்லாம் போட்டுக் கொடுத்திருக்கிறேன். பவர் கூடின பெட்டியை வைத்தால் வேலை முடிந்தது.

ஷார்ட்வேவ்:
சுவர் விஷயம் சரிதான் அண்ணே, காற்று விஷயம் இல்லை. வீட்டுத் தூரத்துக்கு இந்த இரண்டு அலைவரிசையிலும் காற்று விழுங்குவது கணக்கில் எடுக்கும் அளவே கிடையாது. ஆக்சிஜன் அலையைத் தின்பதெல்லாம் 60 கிகாஹெர்ட்ஸ் பக்கம். 5-ல் எண் குறைவாகத் தெரியக் காரணம், வாங்கும் பக்கத்து ஆன்டெனா. அலைநீளம் 2.4-ல் 12.5 செ.மீ., 5-ல் சுமார் 5.5. அலை சிறுத்தால் ஆன்டெனாவும் சிறுக்கும், அது அள்ளும் பரப்பு ஐந்தில் ஒரு பங்காகிவிடும். அதாவது 7 டெசிபல்.

இனி தாம்பரத்தான் கொடுத்த எண்களைப் பார்ப்போம். ரவுட்டர் 100 மில்லிவாட் விடுகிறது என்று வையுங்கள், அது 20 dBm. 5 கிகாஹெர்ட்ஸில் 1 மீட்டர் தள்ளி -27 கிடைக்கும். அதற்குமேல் தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் சக்தி நாலில் ஒன்றாகும், 6 டெசிபல் போகும். 1 மீட்டரிலிருந்து 16-க்கு நாலு இரட்டிப்பு, 24 போனால் -51. கேட்டில் அவர் பார்த்தது அதேதான். (இவ்வளவு கச்சிதமாக வருவது அதிர்ஷ்டம். எதிரொலிப்பு ஐந்தாறு டெசிபலை இப்படியும் அப்படியும் ஆட்டும்.)

பின்னறைக்கு மூன்று இரட்டிப்பு. -45 வந்திருக்க வேண்டும், வந்தது -75. மீதி 30 டெசிபலை வழியில் இருப்பவை பிடுங்கிக்கொண்டன. அதாவது ஆயிரத்தில் ஒரு பங்குதான் உள்ளே வந்திருக்கிறது. 2.4-ல் இதே கணக்கு -38, வந்தது -58. அங்கே இழப்பு 20, நூறில் ஒரு பங்கு.

மீனா கோவை:
எங்கள் வீட்டிலும் மழைக்காலத்தில் நெட் படுத்துவிடும். தண்ணீர்தான் காரணம் என்று நினைக்கிறேன். மைக்ரோவேவ் அவனும் 2.4 தானே, தண்ணீர் மூலக்கூறு துடிக்கும் அதிர்வெண் அதுதான் என்பார்கள். ரவுட்டருக்குப் பக்கத்தில் மீன்தொட்டி வேறு இருக்கிறது.

ஷார்ட்வேவ்:
அக்கா, அது பரவலாகச் சொல்லப்படும் கதை. தண்ணீர் மிக அதிகமாக உறிஞ்சுவது 20 கிகாஹெர்ட்ஸை ஒட்டி. மைக்ரோவேவ் அவனுக்கு 2.45 என்பது ஒதுக்கிக் கொடுத்த இடம், அவ்வளவுதான். வெளியே பெய்யும் மழை வைஃபையை ஒன்றும் செய்யாது. ஆனால் மீன்தொட்டி குறுக்கே நின்றால் நிச்சயம் தடுக்கும், ஊறிய சுவரும் காய்ந்த சுவரைவிட அதிகம் உறிஞ்சும். மழையில் உங்களுக்கு நிற்பது வைஃபையா, வெளியிலிருந்து வரும் லைனா என்று முதலில் பாருங்கள்.

கொத்தனார் மகன்:
நான் சிவில். இரண்டு சாதா செங்கல் சுவருக்கு 30 டெசிபல் கொஞ்சம் அதிகமாகப் படுகிறது. கம்பி இருப்பது தூண், பீம், தளம் இவற்றில்தான், தடுப்புச் சுவரில் இருக்காது. தாம்பரத்தான், அந்த நேர்கோட்டில் இரும்பு பீரோ ஏதாவது நிற்கிறதா?

தாம்பரத்தான்:
நிற்கிறது. இரண்டாவது சுவரை ஒட்டி அம்மாவின் பீரோ.

வயர்மேன்:
சரி, பீரோவை நகர்த்தட்டும். ஆனாலும் பவர் ஏன் உதவாது? வந்து சேர்வது ஆயிரத்தில் ஒன்றென்றால், பத்து மடங்கு விட்டால் நூறில் ஒன்று வந்த மாதிரிதானே?

ஷார்ட்வேவ்:
போனுக்குப் போகும் வழியில் அப்படித்தான். திரும்பி வரும் வழியையும் பாருங்கள். போன் பேட்டரியில் ஓடுவது, பல போன்கள் 15 dBm அளவில்தான் விடும். ரவுட்டரின் பேச்சு போனுக்கு -75-ல் கேட்டால், போனின் பேச்சு ரவுட்டருக்கு -80-ல்தான் கேட்கும். வீடியோ காலில் இவருடைய முகம் அந்த வழியாகத்தான் போயாக வேண்டும்.

அந்த 5 டெசிபல் ஏன் முக்கியம் என்றால், வைஃபை பிட்டுகளை அனுப்புவது அலையின் உயரத்தையும் கட்டத்தையும் மாற்றி மாற்றித்தான். சிக்னல் நன்றாக இருந்தால் 16-க்கு 16 என்று புள்ளி வைத்த கோலம் போல 256 நிலைகள், ஒவ்வொரு புள்ளியும் 8 பிட். சிக்னல் மெலிந்து இரைச்சல் நெருங்கினால் புள்ளிகள் ஒன்றோடொன்று கலங்கும், எது எதுவென்று பிரிக்க முடியாது. அதனால் கருவி தானாகவே குறைந்த புள்ளிக்கு இறங்கும். கடைசியில் இரண்டே புள்ளி, ஒரு பிட். அதனால்தான் சட்டென்று அறுந்துபோகாமல் படிப்படியாக வேகம் விழுகிறது.

வைஃபை 5-ல், 80 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில், 256 புள்ளியின் உச்ச வேகத்துக்குத் தரநிலை கேட்பது -51. இரண்டு புள்ளிக்கு -76. நல்ல சிப் இதைவிடச் சில டெசிபல் கீழேயும் பிடிக்கும். வேகம் ஒரு ஆன்டெனாவுக்கு 433 மெகாபிட்டிலிருந்து 30 சொச்சத்துக்கு வந்துவிடும். கீழே வரும் 30 வீடியோ காலுக்குப் போதும். மேலே போகும் -80 தான் தகராறு.

வயர்மேன்:
கால் என்றால் ஒத்துக்கொள்கிறேன். படம் பார்ப்பவனுக்கு? அவன் திருப்பி அனுப்புவது ‘கிடைத்தது’ என்ற சின்னத் துண்டுகளும் சில கோரிக்கைகளும்தான். அந்தத் துண்டு மெதுவான, உறுதியான வேகத்தில் போகும். மண்டபத்தில் பவர் கூட்டினேன், வித்தியாசம் கண்ணுக்கே தெரிந்தது.

ஷார்ட்வேவ்:
அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் மண்டபத்தில் குறுக்கே சுவர் கிடையாது. உச்ச பவரில் ஆம்ப்ளிஃபையர் அலையை நெளித்துவிடும், 256 புள்ளி முதலில் கெடுவது அங்கேதான். பல ரவுட்டர்கள் உயர் வேகத்தில் தாமே பவரைக் குறைத்துக்கொள்ளும்.

வயர்மேன்:
எல்லா ரவுட்டரும் அப்படி இல்லை.

தாம்பரத்தான்:
பீரோவைப் பக்கவாட்டில் தள்ளினேன். -75 இப்போது -69. கால் ஓடுகிறது, ஆனால் கதவைச் சாத்தினால் மறுபடி திக்குகிறது. 2.4-லேயே விட்டுவிடட்டுமா?

கொத்தனார் மகன்:
6 டெசிபல் என்றால் நாலு மடங்கு. இரும்பின் பின்னால் முழு இருட்டு விழாது, ஓரங்களில் வளைந்தும் மற்ற சுவரில் பட்டும் கொஞ்சம் வந்துகொண்டேதான் இருக்கும். அதனால் பீரோ மட்டுமே காரணமென்று நான் சொல்ல மாட்டேன். சுவர் 9 அங்குலமா, நாலரையா?

ஷார்ட்வேவ்:
அந்த அறைக்கு மட்டும் 2.4 வைத்துப் பாருங்கள். அதில் ஒன்றையொன்று மிதிக்காத சேனல் 1, 6, 11 என்று மூன்றுதான், பக்கத்து வீட்டாரும் அங்கேயே இருப்பார்கள். -58 நல்ல எண், ஆனால் மாலை ஏழு மணிக்கு அதே எண்ணுடன் வேகம் விழுந்தால் குற்றவாளி சுவர் இல்லை, நெரிசல். லேப்டாப் விண்டோஸ் என்றால் அறையில் உட்கார்ந்து இதை ஓட்டுங்கள்:

```
netsh wlan show interfaces
```

`Receive rate`, `Transmit rate` இரண்டையும் ஒப்பிடுங்கள். இரண்டாவது மட்டும் மிகக் கீழே கிடந்தால் பெரிய ரவுட்டருக்குப் பணம் போடாதீர்கள். அறை வரை ஒரு கேபிள் இழுத்து அங்கே இன்னொரு சின்னப் பெட்டி வைப்பது மேல்.

தாம்பரத்தான்:
சுவர் 9 அங்குலம். கேபிளுக்குத் துளை போட வீட்டு ஓனர் சம்மதிப்பாரா என்று கேட்க வேண்டும்.

வயர்மேன்:
ஜன்னல் வழியாக இழுக்கலாம் தம்பி, துளையே வேண்டாம்.