செய்டான் பஞ்சுபோல உப்பிவிடுகிறது: தவறு கழுவுவதிலா, வேகவைப்பதிலா?

கேட்டவர்:
மைதாவின் புரதப் பசையைக் கொண்டு இறைச்சிக்கு மாற்றாகச் சமைக்கும் செய்டானுக்காக, ஒரு கிலோ மைதாவை 600 மில்லி தண்ணீர் விட்டுப் பத்து நிமிடம் பிசைந்து, ஒரு மணி நேரம் நீரில் மூழ்க வைத்தபின் கழுவினேன். ஆறாவது தண்ணீரில் சுமார் 280 கிராம் பசை உருண்டை கிடைத்தது. அதை உடனே துண்டுகளாக வெட்டி, சோயா சாஸும் இஞ்சியும் சேர்த்த நீரில் நாற்பது நிமிடம் நன்றாகக் கொதிக்கவிட்டேன். துண்டுகள் இருமடங்காக உப்பி, கடித்தால் நனைந்த ரொட்டியைப்போல இருந்தன. இறைச்சியை மெல்லுவது போன்ற பதம் ஏன் வரவில்லை?

முதல் மறுமொழி:
மாவுச்சத்து மிச்சமிருக்கிறது. தண்ணீர் கண்ணாடிபோலத் தெளியும்வரை கழுவுங்கள்.

இரண்டாம் மறுமொழி:
மாவுச்சத்து நிறைய மிஞ்சினால் துண்டு மாவாகத்தான் இருக்கும் என்பது சரியே. ஆனால் ஒரு கிலோ மைதாவுக்கு 280 கிராம் ஈரப்பசை என்பது இயல்பான அளவு. ஆகவே கழுவியதில் குறையில்லை. முற்றிலும் தெளியக் கழுவினால் ரப்பர்போல இறுகிவிடும் என்பதால், தண்ணீர் லேசாகக் கலங்கியிருக்கும்போதே நான் நிறுத்திவிடுவேன்.

இந்தப் பசையான குளூட்டனில் இழுத்தால் திரும்பச் சுருங்கும் புரதமும், இழுத்த பக்கம் நீளும் புரதமும் சேர்ந்திருக்கின்றன. கழுவி முடித்தவுடன் அந்த இழைகள் எல்லாத் திசையிலும் சிக்கிக் கிடக்கும். அரை மணி நேரம் மூடி வைத்தால் இறுக்கம் தளரும். அதன்பின் கயிறுபோல இழுத்து முறுக்கி முடிச்சிட்டால் இழைகள் ஒரே திசையில் படியும். சூட்டில் அவை ஒன்றோடொன்று பிணைந்து அந்த நிலையிலேயே உறைந்துவிடுவதால், பல்லுக்குத் தசைநார்போலப் பிரிகிறது. நீங்கள் வெட்டியது சிக்கலாகக் கிடந்த பசையை. அதோடு கொதிநீரின் வேகத்தில் உள்ளிருந்த காற்றும் நீராவியும் அதை ஊதிவிட, ஊதிய வடிவிலேயே அது உறைந்துவிட்டது. நீர் ஓரத்தில் மட்டும் குமிழியிடும் அளவுக்குத் தீயைக் குறைத்து, ஒரு மணி நேரம் வேகவையுங்கள்.

மூன்றாம் மறுமொழி:
எங்கள் வீட்டில் மஸ்கோத் அல்வாவுக்கு மைதாவைப் பிசைந்து பால் எடுத்தபின் எஞ்சும் பசையை எறிந்துவிடுவோம். அதுவும் இதுதானா? சம்பா கோதுமையை அரைத்துப் பாலெடுத்த சக்கையிலும் முயன்றேன். உருண்டையாகச் சேரவே இல்லை.

இரண்டாம் மறுமொழி:
மைதாப் பசை இதுவேதான், இனி எறியாதீர்கள். சக்கையில் தவிடு கலந்திருப்பதால் அது இழைகளை இடையிடையே அறுத்துவிடுகிறது. சல்லடையில் வைத்து அலசினாலும் அதிகம் தேறாது.

கேட்டவர்:
நேற்று முறுக்கி முடிச்சிட்டு, மெல்லிய தீயில் ஒரு மணி நேரம் வேகவைத்தேன். வெளிப்புறம் நார்நாராகப் பிரிந்தது. முடிச்சின் நடுவில் மட்டும் இன்னும் சிறு துளைகள் தெரிகின்றன. முறுக்கும்போது காற்று உள்ளே சிக்கியதா, முடிச்சு தடிமனாகிவிட்டதா என்பது விளங்கவில்லை. அடுத்த முறை பாதியைத் துணியில் இறுகச் சுற்றி ஆவியில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.