புதுப்பிப்பு: தீபாவளி ஆர்டர் வரிசை சரியாச்சு

என் கேள்வி: "டெலிவரி தேதிப்படி தைச்சும் கடைசி வாரம் மாட்டிக்குது, எதை முதல்ல எடுக்கறது?"

உதவினவங்களுக்கு ரொம்ப நன்றி. பினாங்கு அக்கா சொன்னதுதான் எங்க பிரிக்பீல்ட்ஸ் கடையில வேலை செஞ்சுச்சு, ட்ரையல் தேதிப்படி அடுக்கினேன். லைனிங் பிளவுஸ் வெள்ளி டெலிவரின்னா செவ்வாய் ட்ரையல், அதனால திங்களே சைடு தையல பெரிய தையலா ஓட்டி வச்சிடணும், பிரிக்க சுலபம், ட்ரையலே இல்லாத பாவாடை வியாழன் டெலிவரின்னாலும் அதுக்கப்புறம் எடுத்தா போதும்.

மொத்தமா வெட்டச் சொன்ன அண்ணன் பாதி சரி. ஒரு கஸ்டமரோட மூணு பிளவுஸையும் முதல்லயே வெட்டிட்டேன், ட்ரையல்ல ஆர்ம்ஹோல் பிடிச்சுச்சு, மூணையும் திருத்த வேண்டியதாச்சு. இப்ப ஒண்ணு ட்ரையல் முடிஞ்சாதான் மத்தது.



எதிர்பாக்காதது, ட்ரையலுக்கே வராதவங்க துணி வரிசைய அடைக்குது. தனி கம்பியில தொங்க விட்டிருக்கேன், அதுக்கு வழி இன்னும் பிடிபடல.