பொருள்: "புரொப்போர்ஷனல் ஆட்ஸ்" எடுகோளுக்குத் தமிழ்ச்சொல் (வெள்ளிக்குள் தேவை)

கோதை:

குழுவினருக்கு வணக்கம். முதுகலை வகுப்புக்கான பாடக் குறிப்பைத் தமிழாக்குகிறேன். லைக்கர்ட் வினாக்களின் விடைகளை வரிசைநிலை லாஜிஸ்டிக் தொடர்புப் போக்கில் பொருத்தும் இயல் இது. தலைப்பிலுள்ள எடுகோளை "விகிதாசார வாய்ப்பு எடுகோள்" என்று எழுதிவிட்டேன். வகுப்பில் ஒரு மாணவி, "எதற்கும் எதற்கும் விகிதாசாரம்?" என்று கேட்டாள். விளக்கம் சொன்னேன். அந்த விளக்கத்துக்கும் நான் ஆக்கிய சொல்லுக்கும் ஒட்டே இல்லை. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது.

இளவழகன்:

அம்மா, "விகிதாசாரம்" வடசொல் என்பது இருக்கட்டும், "வாய்ப்பு" இங்கே பொருந்தவே பொருந்தாது. ஆட்ஸ் என்பது நிகழ்வதை நிகழாததால் வகுப்பது. உளதாம் தன்மை உண்மை, இலதாம் தன்மை இன்மை. எனவே "உண்மையின்மைத் தகவு". தகவு என்பது "தகு" என்னும் வினையடியில் பிறந்தது. "தக்கார் தகவிலர்" என்ற குறள் நடுவுநிலைமை அதிகாரத்தில்தான் வருகிறது. உங்கள் படிவத்தின் நடுக்கட்டத்துக்கும் "நடுநிலை" என்றுதானே பெயர்!

ரஹீம்:

ஐயா, "உண்மையின்மை" என்றால் மாணவர்கள் பொய் என்று படிப்பார்கள். நான் விடுதி உணவு பற்றி ஒரு கருத்துக்கணிப்பு எடுத்தேன், 1 முதல் 5 வரை கட்டங்கள். ஒன்றுக்கும் இரண்டுக்கும் உள்ள தூரமே நான்குக்கும் ஐந்துக்கும் என்று வைத்துக்கொள்வதுதானே இந்த எடுகோள்? "சம இடைவெளி எடுகோள்" போதும்.

வளவன்:

இல்லை தம்பி, அது சராசரி எடுக்கும்போது நாம் சொல்லாமல் வைத்துக்கொள்வது. இந்த மாதிரியில் கட்டங்களுக்கு இடையிலான வெட்டுப்புள்ளிகள் எங்கே விழ வேண்டுமோ அங்கே விழும், இடைவெளிக்கு நிபந்தனையே கிடையாது. நிபந்தனை வேறோர் இடத்தில் இருக்கிறது.

மூன்றே கட்டங்கள் என்று வையுங்கள்: அதிருப்தி, நடுநிலை, திருப்தி. காலை வகுப்பில் 90 பேர், கட்டத்துக்கு 30 பேர். மாலை வகுப்பிலும் 90 பேர், முறையே 45, 27, 18. முதல் வெட்டு அதிருப்திக்கு மேலே. காலையில் 30க்கு 60, அதாவது அரை. மாலையில் 45க்கு 45, அதாவது ஒன்று. இரு மடங்கு. இரண்டாம் வெட்டு திருப்திக்குக் கீழே. காலையில் 60க்கு 30, அதாவது இரண்டு. மாலையில் 72க்கு 18, அதாவது நான்கு. இங்கும் இரு மடங்கு. எங்கே வெட்டினாலும் மடங்கு மாறவில்லை. எடுகோள் சொல்வது இவ்வளவுதான். ஆள் கணக்கில் பார்த்தால் முதல் வெட்டில் 15 பேர் கூடுதல், இரண்டாவதில் 12 பேர்தான். ஆகவே "சம வேறுபாடு" என்றும் சொல்லக் கூடாது.

இப்போது மாலை வகுப்பை 45, 0, 45 என்று மாற்றுங்கள். முதல் வெட்டில் மடங்கு இரண்டு, இரண்டாவதில் அரை. மாதிரியோ ஒரே மடங்கைத்தான் தரும். இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு "ஒன்று" என்று வரும், வகுப்புகளுக்கிடையே வேறுபாடே இல்லை என்று நாமும் எழுதிவிடுவோம். வகுப்போ இரண்டாகப் பிளந்து கிடக்கிறது! இதைப் பிடிக்க, ஒவ்வொரு வெட்டிலும் தனித்தனியாக ஈருறுப்பு லாஜிஸ்டிக் போட்டுக் கெழுக்களை அருகருகே வைத்துப் பாருங்கள். சிறு விலகலுக்குப் பதற வேண்டாம், குறி மாறினால் நின்று யோசியுங்கள்.

கோதை:

அப்படியானால் "மாறாச் சாதகம்"? சாதகத்துக்கும் பாதகத்துக்கும் உள்ள தகவுதானே.

வளவன்:

சாதகம் மாறுகிறது அம்மா, அரையிலிருந்து இரண்டுக்குப் போகிறது. மாறாதது மடங்கு. "மாறா மடங்கு எடுகோள்" என்று வைக்கலாம்.

இளவழகன்:

"மாறா" ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். வருவது மகரமாதலால் வலி மிகாது, புணர்ச்சியில் பிழையில்லை. ஆனால் எதன் மடங்கு என்று சொல்லாத சொல் குறைச்சொல். "மாறாத் தகவு மடங்கு" என்றாவது வையுங்கள்.

ரஹீம்:

அதை மூன்று முறை சொல்லிப் பார்த்தேன் ஐயா, நாக்கு சுளுக்குகிறது. மடல் குழுவுக்கு மட்டும் இன்னொரு யோசனை: வெட்டுக்கொரு கோடு வரைந்தால் எல்லாம் இணையாக ஓடும் என்று படித்திருக்கிறேன். "இணைகோட்டு எடுகோள்"?

வளவன்:

பாதி சரி. லாஜிட் அளவையில் வரைந்தால்தான் இணை. நிகழ்தகவில் வரைந்தால் நீட்டி நெளிந்து ஓடும், மாணவர் அதையே பார்த்துக் குழம்புவார்.

கோதை:

பொறுமை போய்விட்டது. தலைப்பில் "மாறா மடங்கு எடுகோள்", உள்ளே "ஆட்ஸ்" என்றே தமிழ் எழுத்தில் விடுகிறேன், வளவன் அண்ணாவின் 90 பேரைக் கட்டம்போட்டுச் சேர்க்கிறேன். ஐயாவின் மறுப்பை அடுத்த பதிப்புக்குக் குறித்துக்கொண்டேன்.

இளவழகன்:

ஆட்ஸை அப்படியே விட்டதற்கு என் மறுப்பு நிலுவையில் இருக்கிறது. "உண்மையின்மை"யை யாரும் மறுக்கவில்லை, சிரித்தீர்கள், அவ்வளவே.

ரஹீம்:

வளவன் அண்ணா, விடுதித் தாள்களை மறுபடி எண்ணினேன். முதல் கட்டத்திலும் கடைசிக் கட்டத்திலும்தான் கூட்டம். ஒரே எண்ணில் எழுதிய அறிக்கையைப் போன மாதமே கொடுத்துவிட்டேன்.