பொருள்: ‘மாஸ்டரிங்’குக்கு ஒரு சொல் வேண்டும்

மலர்விழி:

அனைவருக்கும் வணக்கம். இசைத்தட்டு உறையில் வரும் பெயர்ப்பட்டியலைப் படிக்கக் கற்றுத்தரும் கட்டுரை ஒன்றை எழுதுகிறேன். மைக்கேல் ஜாக்சனின் ‘த்ரில்லர்’ (1982) தொகுப்பில் உள்ள ‘பில்லி ஜீன்’ பாட்டை எடுத்துக்கொண்டேன். எழுதி மெட்டமைத்தவர் ஜாக்சன். வயலின் வகையறாவுக்கு யார் எந்தச் சுரம் வாசிக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தவர் ஜெர்ரி ஹே. புரொட்யூசர் குவின்சி ஜோன்ஸ், துணைக்கு ஜாக்சன். மிக்சிங் புரூஸ் ஸ்வீடியன். மாஸ்டரிங் பெர்னி கிரண்ட்மன்.

மிக்சிங்குக்கு ‘ஒலிக்கலவை’ இருக்கிறது. ஜெர்ரி ஹேயின் வேலையை ‘இசைக்கோப்பு’ என்கிறேன். ‘இசையமைப்பு’தான் பொருத்தம், ஆனால் அந்தச் சொல்லை மெட்டுப் போடுகிறவருக்கு எப்போதோ கொடுத்துவிட்டோம். மாஸ்டரிங்கில்தான் நிற்கிறேன். ‘தாய்ப்படியாக்கம்’ எப்படி? வீட்டுக்குத் தாய்ப்பத்திரம் இருப்பதுபோல, எல்லாப் படிகளும் பிறக்கும் படி.

சண்முகம்:

நல்ல சொல். ஆனால் புரொட்யூசரைத் ‘தயாரிப்பாளர்’ என்றே போடுங்கள். பணம் போட்டவர்தானே? உறையில் வட்டத்துக்குள் P என்று (℗) இருக்கிறதே, அதுவும் அவரைத்தான் குறிக்கிறது.

கதிரவன்:

சண்முகம் ஐயா, பாதி சரி. நம் பதிப்புரிமைச் சட்டத்தில் ஒலிப்பதிவுக்கு ‘புரொட்யூசர்’ என்றால் அதை உருவாக்கப் பொறுப்பேற்றவர். ℗ பதிவின் உரிமையாளரைச் சொல்கிறது, பெரும்பாலும் அது நிறுவனம். குவின்சி ஜோன்ஸ் செய்தது வேறு. எந்தப் பாட்டு, யார் வாசிப்பது, எந்த டேக் போதும் என்று முடிவு செய்கிற வேலை. சினிமாவில் இயக்குநர் செய்வது.

மலர்விழி, ‘தாய்ப்படி’யில் ஒரு சிக்கல். இசைத்தட்டுத் தொழிற்சாலையில் ‘தாய்’ ஏற்கெனவே இருக்கிறாள். அரக்குப் பூசிய தட்டில் பள்ளம் வெட்டி, அதன்மேல் நிக்கல் படியவைத்து உரித்தால் வருவது தந்தை. அதிலிருந்து எடுப்பது தாய். தாயிலிருந்து எடுக்கும் அச்சுதான் தட்டை அழுத்துகிறது. கிரண்ட்மனின் வேலை அரக்குத் தட்டில் பள்ளம் வெட்டுவதோடு முடிந்துவிடும், தாய் அதற்குப் பிறகுதான்.

‘த்ரில்லர்’ கதையே இதற்கு உதவும். முதலில் முடித்த வடிவத்தில் ஒரு பக்கத்துக்குப் பாட்டின் நேரம் அதிகம். நேரம் கூடினால் பள்ளங்களை நெருக்கி வெட்ட வேண்டும், அதனால் ஒலியளவைக் குறைக்க வேண்டும். சோதனைத் தட்டைக் கேட்டபோது ஒலி சோர்ந்து கிடந்தது. மாஸ்டரிங்கில் அதைச் சரிசெய்ய வழியில்லை. ஆகவே பாட்டுகளைச் சுருக்கி, நாளைக்கு ஒன்றாக மறுபடி மிக்ஸ் செய்தார்கள்.

பெரியசாமி:

மன்னிக்கவும், என் அனுபவத்தைச் சொல்கிறேன். என் மகள் பாடிய திருப்புகழ் பதிவில் மிருதங்கம் ஓங்கிக் கேட்டது. ‘மாஸ்டரிங்கில் சரியாகிவிடும்’ என்று பதிவு செய்தவர் ஒரே கோப்பாகக் கொடுத்தார். மாஸ்டரிங் செய்தவர் மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியின் கும் ஒலியைக் குறைத்தார். கூடவே தம்புராவும் வறண்டுபோனது, மகள் குரலின் கீழ்ச்சுரங்களும் மெலிந்தன. இதற்கு என்ன பெயர் வைத்தாலும் சரி, அது கலவைக்குப் பிறகு வருவது என்பது பெயரிலேயே தெரியட்டும்.

கதிரவன்:

அண்ணா, இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. சாம்பாரில் கலந்தபின் உப்பை மட்டும் பிரிக்க முடியுமா? மாஸ்டரிங் செய்பவர் கையில் பெரும்பாலும் இடது, வலது என இரண்டே தடங்கள். பாட்டுக்குப் பாட்டு ஒலியளவை ஒத்துப்போகச் செய்வது, இடைவெளி வைப்பது, கனத்தையும் கூர்மையையும் சற்றே திருத்துவது, தட்டுக்கோ இணையத்துக்கோ ஏற்ற படியாக்குவது, இவ்வளவுதான். என் யோசனை ‘ஒலிச்செப்பம்’.

சண்முகம்:

செப்பனிடுதல் என்றால் ரோடு போடுகிறவர்கள் நினைவுதான் வருகிறது. உடைந்ததைச் சரிசெய்வதுபோல. பெரியசாமி ஏமாந்ததும் அந்த நினைப்பால்தானே? ‘இறுதிப்படியாக்கம்’ என்றால் என்ன?

மலர்விழி:

அதையும் எழுதிப் பார்த்தேன். பழைய தொகுப்புகளில் ‘ரீமாஸ்டர்ட்’ என்று வருகிறதே, ‘மறு இறுதிப்படி’ என்றால் இறுதி எது? ‘மறுசெப்பம்’ என்றால் இடிக்கவில்லை. ‘மறுகலவை’யிலிருந்தும் தெளிவாகப் பிரிகிறது. அது பழைய பல தடங்களுக்கே திரும்பிப் போவது, இது முடிந்த கலவையை மட்டும் எடுத்துக்கொள்வது.

கட்டுரையில் ‘ஒலிச்செப்பம்’ போட்டு, முதல் இடத்தில் மட்டும் ‘மாஸ்டரிங்’ என்றும் எழுதுகிறேன். சண்முகம் ஐயாவின் தடை நியாயமானது, அதனால் பெரியசாமி அண்ணனின் மிருதங்கத்தைப் பெயரில்லாமல் சேர்த்துக்கொள்ளலாமா? குவின்சி ஜோன்ஸுக்குப் ‘பதிவு இயக்குநர்’ என்று போட்டால் மைக் வைக்கிறவர் என்று நினைப்பார்களோ?

பெரியசாமி:

தாராளமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். ‘பதிவு இயக்குநர்’ என்றதும் நான் அப்படித்தான் நினைத்தேன்.